4 பிட் கழித்தல் சர்க்யூட்டில் ஓவர்ஃப்ளோ பிட்டை எங்கிருந்து எடுப்பது?

74283 ஆடர் சிப் ஒன்று, 7486 எக்ஸார் சிப் ஒன்று. இவ்வளவில் 4 பிட் கூட்டல், கழித்தல் இரண்டையும் செய்யும் சர்க்யூட் தயாராகிவிடும். அதில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை, C4 பின்னில் ஒரு எல்இடியை மாட்டி அதற்கு ‘ஓவர்ஃப்ளோ’ என்று பெயர் எழுதி வைப்பது. 5-இலிருந்து 3-ஐக் கழித்தால் விடை 2 என்று சரியாக வரும், ஆனால் அந்த எல்இடியும் சேர்ந்து எரியும். சர்க்யூட் கெட்டுப்போகவில்லை. குறியுள்ள எண்களில் C4 சொல்வது வேறு, ஓவர்ஃப்ளோ வேறு.

முதலில் கழித்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டின் நிரப்பி முறையில் A − B என்பது A + ~B + 1. B-யின் நான்கு பிட்டுகளும் ஆளுக்கொரு எக்ஸார் கேட் வழியாக ஆடருக்குள் போகின்றன. அந்த நான்கு கேட்டுகளின் மற்றொரு முனையில் M என்ற ஒரே கட்டுப்பாட்டுக் கம்பி. M = 0 என்றால் B அப்படியே போகும், M = 1 என்றால் தலைகீழாகிப் போகும். அதே M கம்பிதான் ஆடரின் C0 பின்னுக்கும் போக வேண்டும். மேலே சொன்ன ‘+ 1’ கிடைப்பது அங்கிருந்துதான்.

C0-வில் தவறினால் அறிகுறியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதைக் கிரவுண்டில் கட்டியிருந்தால் கூட்டல் சரியாக வரும், கழித்தல் மட்டும் ஒன்று குறையும். 5 − 3 என்பது 1 ஆகும். எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டால், டிடிஎல் சிப்புகளில் தொங்கும் உள்ளீடு பெரும்பாலும் 1 ஆகவே படிக்கப்படும் என்பதால், கழித்தல் சரியாக வந்து கூட்டல் ஒன்று கூடும். 2 + 3 என்பது 6 ஆகும்.

இனி 5 − 3 கணக்கைப் பிட் பிட்டாகப் போட்டுப் பார்ப்போம். 74283-இன் டேட்டாஷீட்டைப் போலவே பிட்டுகளை 1 முதல் 4 வரை எண்ணுவோம். 4-ஆவது பிட் குறி பிட். அதற்குள் நுழையும் கேரி C3, அதிலிருந்து வெளியேறும் கேரி C4.

```
5 - 3              6 - (-3)
  0101  A            0110  A
  1100  ~B           0010  ~B
     1  C0              1  C0
  ----               ----
1 0010             0 1001
C3=1  C4=1         C3=1  C4=0
```

இடப்பக்கக் கணக்கில் விடை 2. C4 = 1 என்பதற்கு ‘கடன் வாங்கவில்லை’ என்றுதான் பொருள்; அதுவும் குறியில்லாத எண்களாகப் பார்ப்பவருக்கு மட்டும். 3 − 5 போட்டால் C4 = 0 வரும், அதாவது கடன் வாங்கியாகிவிட்டது. ஆனால் விடை 1110, குறியுள்ள எண்ணாகப் படித்தால் −2, முற்றிலும் சரி. வலப்பக்கக் கணக்கில் வர வேண்டிய விடை 9. 4 பிட்டில் −8 முதல் 7 வரைதான் இடமுண்டு, அதனால் 1001, அதாவது −7 என்று வந்து நிற்கிறது. உண்மையான ஓவர்ஃப்ளோ இங்கேதான், இங்கே C4 அணைந்து கிடக்கிறது.

C3, C4 இரண்டும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ என்பது விதி. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை ஒரு அட்டவணையில் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். காரணம் குறி பிட்டின் மதிப்பில் இருக்கிறது. இரண்டின் நிரப்பியில் 4-ஆவது பிட்டின் மதிப்பு +8 அல்ல, −8. ஆனால் கீழ் மூன்று பிட்டுகளிலிருந்து ஏறி வரும் C3-யின் மதிப்பு +8. ஆக அந்தப் பத்தியில் சேரும் மொத்தம், இரு எண்களின் குறி பிட்டுகளுக்கும் தலா −8, C3-க்கு +8. S4 என்ற ஒரே பிட்டால் 0 அல்லது −8 என்ற இரண்டைத்தான் எழுத முடியும். இரு குறி பிட்டும் 0 ஆக இருந்து C3 = 1 வந்தால் மொத்தம் +8, எழுத இடமில்லை; அப்போது C4 = 0. இரு குறி பிட்டும் 1 ஆக இருந்து C3 = 0 என்றால் மொத்தம் −16, அதற்கும் இடமில்லை; அப்போது C4 = 1. மீதி எல்லாச் சேர்க்கையிலும் மொத்தம் 0 அல்லது −8-க்குள் அடங்கிவிடும், C3-யும் C4-உம் ஒன்றாகவே இருக்கும்.

விதி எளிது, அதைச் சிப்பில் செயல்படுத்தும்போதுதான் சிக்கல். 74283-இல் C3-க்கு வெளியே பின் கிடையாது. C4 மட்டுமே 9-ஆம் பின்னில் வருகிறது. ஆனால் S4 என்பதே A4, ஆடருக்குள் போகும் B4, C3 மூன்றின் எக்ஸார்தான். எனவே அதைத் திருப்பி C3-ஐ மீட்டெடுக்கலாம், அதிலிருந்து ஓவர்ஃப்ளோ பிட்டான V-யையும் எடுக்கலாம்:

```
X  = B4 ^ M
C3 = A4 ^ X ^ S4
V  = A4 ^ X ^ S4 ^ C4
```

முதல் 7486-இன் நான்கு கேட்டுகளும் B-யைத் தலைகீழாக்கவே செலவாகிவிட்டன. இரண்டாவது ஒன்று தேவை. அதில் A4-ஐயும் X-ஐயும் ஒரு கேட்டில், S4-ஐயும் C4-ஐயும் இன்னொன்றில், இரண்டின் வெளியீட்டையும் மூன்றாவதில் கொடுத்தால் V கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, X என்பது எக்ஸாரைத் தாண்டி ஆடருக்குள் நுழையும் பிட். சுவிட்சிலிருந்து வரும் B4-ஐ நேராக இழுத்துவிட்டால் கூட்டலில் V சரியாக இருக்கும். கழித்தலில் ஒவ்வொரு விடைக்கும் தலைகீழாக எரியும். கழித்தலில் மட்டும் V முழுக்கத் தப்பு என்றால் முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. சிலர் முதலில் ஒரு ஆடரில் ~B + 1 செய்து −B-யைத் தயாரித்து, பிறகு இன்னொரு ஆடரில் A-யோடு கூட்டுவார்கள். விடையின் நான்கு பிட்டும் எப்போதும் சரியாகவே வரும், அதனால் சோதனையில் எளிதில் தப்பிவிடும். B = −8 என்று வைத்துப் பாருங்கள். 1000-ஐத் தலைகீழாக்கி ஒன்று கூட்டினால் மறுபடி 1000. +8-க்கு 4 பிட்டில் இடமே இல்லை. −1 − (−8) கணக்கில் இரண்டாவது ஆடர் 1111 + 1000 போடும். விடை 0111, அதாவது 7, சரி. ஆனால் C3 = 0, C4 = 1, V எரிகிறது. அதையே ஒரே ஆடரில் 1111 + 0111 + 1 என்று போட்டால் விடை அதே 0111, C3 = 1, C4 = 1, V அணைந்திருக்கிறது. 0 − (−8) இதற்கு நேர்மாறு. இரண்டு கட்டமாகப் போட்டால் V எரியாது, எரிந்திருக்க வேண்டும். B = 0 என்றால் C4-உம் பொய் சொல்லும்: 5 − 0 கணக்கில் ஒரே ஆடர் C4 = 1 என்று கடன் இல்லாததைச் சரியாகச் சொல்லும், இரண்டு கட்டத்தில் C4 = 0 வரும். ‘+ 1’ என்பதை C0-வில் கொடுப்பது ஒரு சிப்பை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. கேரி பிட்டுகள் நம்பத்தக்கவையாக இருப்பதே அதனால்தான்.

8 பிட்டுக்கு நீட்டும்போது கீழ் சிப்பின் C4, மேல் சிப்பின் C0-வுக்குப் போக வேண்டும். M கீழ் சிப்பின் C0-வுக்கு மட்டும். இரண்டுக்கும் M-ஐக் கொடுத்துவிட்டால் 16 − 1 என்பது 31 ஆகும், 19 − 1 மட்டும் சரியாக 18 வரும். கழித்தலில் விடை சில நேரம் மட்டும் 16 கூடுகிறது என்றால் காரணம் இதுவே. V-யை மேல் சிப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். கீழ் சிப்பின் நடுக் கேரிகளுக்குக் குறியோடு தொடர்பில்லை.

இரண்டாவது 7486-இல் ஒரு கேட் மிச்சமிருக்கிறது. அதில் S4-ஐயும் V-யையும் கொடுங்கள். A, B இரண்டில் எது சிறியது என்று அறிய S4-ஐ மட்டும் பார்த்தால் 6 − (−3) கணக்கில் அது 1, அதாவது −3-ஐ விட 6 சிறியது என்று சொல்லும். V-யோடு எக்ஸார் செய்தால் 0 ஆகிவிடும். கழித்தலின் உண்மையான குறி அந்த வெளியீடுதான். அது 1 ஆக இருக்கும்போது மட்டுமே A என்பது B-யை விடச் சிறியது.