பத்து முறை எடுத்தால் 5, 3, 2 வருமா?

ஒரு ஜாடியில் பத்து மிட்டாய்: சிவப்பு 5, பச்சை 3, மஞ்சள் 2. கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம், நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்குகிறோம். இப்படிப் பத்து முறை. ஜாடியில் உள்ளபடியே சிவப்பு 5, பச்சை 3, மஞ்சள் 2 என்று வர எவ்வளவு வாய்ப்பு?

திரும்பப் போடாமல் எடுத்திருந்தால் கணக்கே வேண்டாம். ஜாடி காலியாகிவிடும், 5, 3, 2 நிச்சயம். திரும்பப் போடுவதால்தான் கதை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஜாடி பழைய ஜாடிதான்: சிவப்புக்கு 0.5, பச்சைக்கு 0.3, மஞ்சளுக்கு 0.2.

முதலில் ஒரே ஒரு வரிசையைப் பார்ப்போம். ஐந்து சிவப்பு, அப்புறம் மூன்று பச்சை, கடைசியில் இரண்டு மஞ்சள். ஒரு முறை வந்த நிறம் அடுத்த முறையைப் பாதிக்காது என்பதால் வாய்ப்புகளைப் பெருக்கினால் போதும்.

0.5⁵ × 0.3³ × 0.2² = 0.00003375

கிட்டத்தட்ட முப்பதாயிரத்தில் ஒன்று. பத்தும் சிவப்பாக வரும் வாய்ப்போ 0.5¹⁰, அதாவது 1024-இல் ஒன்று. தனி வரிசை என்று பார்த்தால், பத்தும் சிவப்பாக வருவதுதான் சுமார் 29 மடங்கு எளிது! எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் நமக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும், வரிசை அல்ல. பத்தும் சிவப்பு என்பதற்கு ஒரே வரிசைதான் உண்டு. 5, 3, 2-க்கு எத்தனை? பத்து மிட்டாயும் வெவ்வேறு என்றால் 10!, அதாவது 10 × 9 × 8 × … × 1 வரிசைகள். ஒரே நிற மிட்டாய்கள் தங்களுக்குள் இடம் மாறினால் நமக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் 5!, 3!, 2! மூன்றாலும் வகுக்க வேண்டும்.

10! / (5! × 3! × 2!) = 2520

2520 × 0.00003375 = 0.08505. அதாவது 8.5 சதவீதம். பத்தும் சிவப்பாக வருவதைவிட 87 மடங்கு அதிகம். இந்த வகைக் கணக்குக்குப் பல்லுறுப்புப் பரவல் என்று பெயர்.

வரக்கூடிய 66 எண்ணிக்கைக் கூட்டங்களில் மிக அதிக வாய்ப்புள்ளது 5, 3, 2 தான். அதுவே பன்னிரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் வருகிறது. பக்கத்திலேயே 6, 3, 1-உம் 6, 2, 2-உம் ஆளுக்கு 7.1 சதவீதத்தோடு நிற்கின்றன. ஆகவே 6, 3, 1 வந்தால் ஜாடியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சந்தேகிக்க வேண்டியது குலுக்கலை. போட்ட மிட்டாய் மேலேயே கிடந்தால் கை மறுபடி அதையே எடுக்கும்; அப்போது வாய்ப்புகள் மாறிவிடும், பெருக்கலும் செல்லாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடுத்தடுத்து ஒரே நிறம் வரும் வாய்ப்பு 0.25 + 0.09 + 0.04, அதாவது 38 சதவீதம். சில நூறு முறை எடுத்துப் பார்த்து, இது 50 சதவீதத்துக்கு மேல் போனால் ஜாடி சரியாகக் குலுங்கவில்லை.