இடுப்பில் ஏன் கத்தி வைக்கணும்? எலும்பு ஒட்டு பற்றி ஒரு கேள்வி

"எங்க பெரியம்மாவுக்கு முட்டியில ஏதோ பவுடர் மாதிரிதான் வெச்சாங்க சார், மூணே மாசத்துல நடந்துட்டாங்க. இவருக்கு மட்டும் ஏன் இடுப்பையும் அறுக்கணும்ங்கிறீங்க?"

கேட்டவர் லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி. கணவருக்கு 34 வயது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, அதாவது டிபியா, நடுத்தண்டில் முறிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. முதல் அறுவை சிகிச்சை வேறொரு ஊரில் நடந்தது. பிளேட் போட்டு, சிதறிப்போன துண்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் செயற்கை எலும்புக் குருணையை நிரப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "எலும்பு கூடிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார் அவர். ஆனால் காலை ஊன்றினால் வலி. பிளேட்டின் மேல் முனையில் இரண்டு ஸ்க்ரூக்களைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. ஸ்க்ரூ ஆடுகிறது என்று அர்த்தம்.

அந்த வெள்ளைதான் ஆளை ஏமாற்றும். கால்சியம் பாஸ்பேட் குருணை வைத்த அன்றைக்கே எக்ஸ்ரேயில் எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். அது வளர்ந்த எலும்பு இல்லை, நாம் வைத்த பொருள். நிஜமாகவே கூடுகிறதென்றால் குருணைகளின் ஓரம் மங்கி, பக்கத்து எலும்போடு கலந்து, வெளிச்சுவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாலமாக ஓடும். இவருடைய படத்தில் ஒவ்வொரு குருணையும் ஜவ்வரிசி மாதிரி தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக நின்றது. எலும்பு முனைக்கும் குருணைக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. சந்தேகம் தீர சி.டி. எடுத்தோம். பாலம் எங்கேயும் இல்லை. அதனால்தான் அவருடைய இடுப்பு எலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைக்க வேண்டும் என்றேன்.

சரி, பெரியம்மாவுக்கு வேலை செய்த பொருள் இவருக்கு ஏன் செய்யவில்லை?

எலும்பில் விழுந்த இடைவெளியை நிரப்ப வைக்கிற பொருளைத்தான் எலும்பு ஒட்டு என்கிறோம். அது மூன்று வேலைகளைச் செய்யக்கூடும். முதலாவது, பந்தல் போடுவது. அவரைக்கொடி ஏறப் பந்தல் வேண்டும் இல்லையா, அதுபோல பக்கத்து எலும்பிலிருந்து ரத்த நாளங்களும் செல்களும் படர்ந்து வர நுண்துளைகள் உள்ள ஒரு சட்டம். இதைத்தான் ஆஸ்டியோகண்டக்ஷன் என்கிறோம். இரண்டாவது, ஆஸ்டியோஇண்டக்ஷன். இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல்களைக் கூப்பிட்டு, 'நீ எலும்பு கட்டு' என்று மாற்றும் சமிக்ஞை. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு உருவானது. அதற்குக் காரணமான புரதங்களை இன்று பி.எம்.பி. என்கிறோம். மூன்றாவது, எலும்பு கட்டும் உயிருள்ள செல்களையே கொண்டுவந்து நடுவது.

கடையில் வரும் பீங்கான் வகைக் குருணைகள், டிரைகால்சியம் பாஸ்பேட்டோ ஹைட்ராக்ஸிஅபடைட்டோ, முக்கியமாகப் பந்தல் மட்டுமே. முதலாவது பொதுவாக ஒன்றிரண்டு வருடத்துக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடும், இரண்டாவது பல வருடம் அப்படியே கிடக்கும். எதுவானாலும் கொடி பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

பெரியம்மாவுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முட்டிக்குக் கீழே டிபியாவின் மேல்தளம் அமுங்கியிருக்கும். அதைத் தூக்கி நிறுத்தியதும் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியைச் சுற்றி நாலாபக்கமும் ரத்த ஓட்டமுள்ள பஞ்சு எலும்பு. அங்கே பந்தல் போட்டால் போதும், கொடி தானாக ஏறும். தூக்கி நிறுத்திய தளம் மறுபடி அமுங்காமல் தாங்குவதில் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் இடுப்பு எலும்பைவிட மேல் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. அவருக்கு இடுப்பில் கை வைத்திருந்தால்தான் தப்பு.

இவருடைய இடம் வேறு. இடைவெளி நான்கு செ.மீ. இரண்டு முனையும் வழவழப்பான கெட்டிச் சுவர். முன்பக்கம் தசையே இல்லாமல் தோல் மட்டும். பந்தல் இருந்தது, கொடி வர வழியில்லை.

வேறு வழிகளையும் சொன்னேன். கொடையாகப் பெற்ற எலும்பு உண்டு. இடுப்பு மூட்டு மாற்றும்போது எடுக்கிற தொடை எலும்புத் தலையை, தொற்றுப் பரிசோதனைகள் செய்து எலும்பு வங்கியில் உறையவைத்திருப்பார்கள். பெரிய குழியை நிரப்ப அருமையான பொருள்தான், ஆனால் அதில் உயிருள்ள செல் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை தோற்ற காலில் அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. பி.எம்.பி. புரதம் சமிக்ஞையை மட்டும் தரும், விலையும் இவர்களுக்குக் கட்டாது. பந்தல், சமிக்ஞை, உயிருள்ள செல் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அவருடைய சொந்த இடுப்பு எலும்பில்தான்.

முதலில் தொற்று இருக்கிறதா என்று பார்த்தோம். ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பிளேட்டை எடுத்தபோது ஐந்து இடத்திலிருந்து திசு எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினோம். தொற்றுக்குள் ஒட்டு வைத்தால் நல்ல ஒட்டும் வீண். குருணைகளை ஸ்பூன் போன்ற கருவியால் சுரண்டியபோது மணல் மாதிரி உதிர்ந்து வந்தன. எலும்பு முனைகளை ரத்தம் துளிர்க்கும்வரை செதுக்கி, எலும்பின் உள்ளே நெயில் என்கிற உலோகக் கம்பியைப் போட்டு, இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட் உருண்டையை வைத்து மூடினோம். அந்தச் சிமென்ட்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு ஒரு சவ்வு கட்டும். ரத்த நாளங்கள் நிறைந்த, தானே வளர்ச்சிச் சமிக்ஞைகளைச் சுரக்கிற சவ்வு. பிரான்ஸைச் சேர்ந்த மாஸ்கலே என்ற மருத்துவரின் முறை இது.

கல்ச்சர் எதிலும் கிருமி வளரவில்லை. ஏழாவது வாரம் சவ்வைக் கீறிச் சிமென்ட்டை எடுத்தோம். எவ்வளவு ஒட்டு தேவை என்பது எளிய கணக்கு. எலும்பின் குறுக்களவு சுமார் 2.5 செ.மீ., நீளம் 4 செ.மீ. உருளையாகக் கணக்கிட்டால் 20 மில்லி வரும். நடுவில் நெயில் பிடிக்கும் 3 மில்லியைக் கழித்தால் 17. அமுக்கி நிரப்ப வேண்டியிருப்பதால் 25 மில்லியாவது கையில் வேண்டும். இடுப்பு எலும்பின் முன்பக்கத்தில் சுமார் 20 மில்லி பஞ்சு எலும்பு கிடைத்தது. மீதிக்கு 5 மில்லி குருணை கலந்தோம். ஆமாம், அதே குருணைதான். நாலு பங்கு உயிருள்ள எலும்புக்கு ஒரு பங்காகக் கலந்தால் அது நல்ல துணை. தனியாக விட்டதுதான் பிழை.

எடுத்த எலும்பைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டால் விளக்குச் சூட்டில் காய்ந்து செல்கள் செத்துவிடும். ரத்தத்திலோ சலைனிலோ நனைத்த துணியில் சுற்றி வைத்து, கடைசி நிமிடத்தில்தான் எடுப்போம். இடுப்பில் கீறும்போது முன்முனையிலிருந்து மூன்று செ.மீ.யாவது பின்னால் தள்ளிக் கீற வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. அப்படித் தள்ளியே கீறியும் இவருக்குச் சில வாரம் தொடை மரத்துப்போயிருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சண்டை வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன். சிமென்ட் வைத்த நாளிலிருந்தே பீடி கூடாது. கொடி ஏற ரத்த நாளம் வேண்டும், நிகோடின் அதைத்தான் சுருக்குகிறது.

ஆறாவது மாத எக்ஸ்ரேயில், முன்பக்கமும் பக்கவாட்டிலும் பார்க்கிற நான்கு சுவர்களில் மூன்றில் பாலம் தெரிந்தது. குருணைகளின் ஓரமும் கரைந்து மங்கியிருந்தது. மனைவி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "முன்னாடி இருந்ததைவிட வெள்ளை கம்மியா இருக்கே சார்" என்று கவலைப்பட்டார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, ஜவ்வரிசியையும் பாலத்தையும் விரலால் காட்டினேன். அவர் இரண்டு படத்தையும் வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். கணவர் அதற்குள் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்வரை போயிருந்தார்.