ஈசிஜி: துடிப்பு வரைபடமா, மின்வரைவா?

"ஒரு ஈசிஜி எடுத்துடுங்க" என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால், பலருக்கும் கை தானாக "இதயத் துடிப்பு வரைபடம்" என்று எழுதிவிடும். படிக்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள "துடிப்பு" என்ற சொல் தவறான இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறது.

ஈசிஜியின் முழுப்பெயர் எலக்ட்ரோகார்டியோகிராம். மூன்றும் கிரேக்க வேர்கள். எலெக்ட்ரான் என்றால் அம்பர், அதாவது இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதால் அதன் பெயரே பின்னாளில் மின்சாரத்துக்கு ஆகிவந்தது. கார்டியா இதயம். கிராம்மா என்றால் எழுதப்பட்டது. ஜெர்மானியர் கார்டியோவுக்குக் "கே" எழுத்தைப் போடுவதால் அங்கே அது ஈகேஜி. ஆக, மூலச்சொல்லில் மின்சாரம் உண்டு, இதயம் உண்டு, எழுத்து உண்டு. துடிப்பு இல்லை. நேராகத் தமிழில் சொன்னால் இதய மின்வரைவு. வரைகிற கருவியை வரைவி என்றும், கையில் கிடைக்கும் தாளை வரைவு என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

இது சொல்லைப் பற்றிய பிடிவாதம் மட்டுமல்ல. இதயத்தசை சுருங்குவது ஒரு வேலை, அதைச் சுருங்கச்சொல்லி ஓடும் மின்கிளர்ச்சி வேறொரு வேலை. தோலில் ஒட்டும் மின்முனைகளுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். தாளில் ஒழுங்காக அலைகள் வந்துகொண்டிருக்கும்போதே நோயாளியின் கழுத்தில் நாடி இல்லாமல் போகலாம். நாடியற்ற மின்செயல்பாடு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு, அதுவும் இதய நிறுத்தத்தில் ஒரு வகைதான். அந்த நேரத்தில் தாளைப் பார்த்து "துடிக்கிறது" என்று சொல்பவரைவிட நாடியைத் தொட்டுப் பார்ப்பவரே சரியானவர்.

சரி, அலைகளுக்கு வருவோம். P, Q, R, S, T, அதாவது பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகள் எதன் சுருக்கமும் அல்ல. இவற்றைச் சூட்டியவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை செய்த வில்லெம் ஐந்தோவன். அவருடைய முதல் கருவியில் நுண்குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும். பாதரசம் மந்தமானது என்பதால் வரைவும் மழுங்கியே வந்தது. அதில் கண்ணுக்குத் தெரிந்த மேடுபள்ளங்களுக்கு A, B, C, D என்று பெயர் வைத்தார். பிறகு அந்த மந்தத்தைக் கணக்குப்போட்டுத் திருத்தி, உண்மையான கோடு எப்படி இருக்கும் என்று 1895-இல் வரைந்தார். பழைய எழுத்துகளோடு குழம்பாமலிருக்க அதற்கு வேறு எழுத்துகள் தேவைப்பட்டன. அவைதான் P முதல் T வரை. பின்னர் அவர் செய்த, மிகச்சிறு மின்னோட்டத்தையும் அளக்கும் இழை கால்வனாமீட்டர் கணக்கே இல்லாமல் அந்தக் கோட்டை நேரடியாக வரைந்துகாட்டியது. 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பி அலை இதயத்தின் மேலறைகள் இரண்டிலும் மின்கிளர்ச்சி பரவுவதைக் காட்டுகிறது. மேலறைச் சுவர் மெல்லியது, தசை குறைவு. அதனால் பி ஒரு சிறிய, வழவழப்பான மேடுதான். அடுத்துக் கோடு கொஞ்சம் தட்டையாக ஓடும். எதுவும் நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணு வழியாக மின்கிளர்ச்சி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் திசு அவ்வளவு சின்னது என்பதால் தோல்வரை அதன் தடயம் எட்டுவதில்லை.

அப்புறம் வரும் கூர்மையான உருவம் க்யூஆர்எஸ் தொகுதி. கீழறைகள் கிளர்ச்சி அடைவது இது. தசை தடிமனானதால் உயரம் அதிகம். விரைவாகக் கடத்தும் இழைகள் வழியே கிளர்ச்சி பாய்வதால் அகலம் குறைவு. ஆருக்கு முன் கீழே இறங்கினால் க்யூ, மேலே எழுவது ஆர், அதன்பின் இறங்கினால் எஸ். மூன்றும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. க்யூ இல்லாவிட்டாலும் பெயர் க்யூஆர்எஸ்தான்.

டி அலை கீழறைத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவது. "இதயம் தளர்வது டி" என்று எழுதுவார்கள். இங்கேயும் அதே பழைய தவறு. டி எழத் தொடங்கும்போது கீழறை இன்னும் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்சி விரைவுப்பாதையில் வருவதில்லை, ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் மீள்கிறது. அதனால்தான் டி அகன்று, மெதுவாக எழுந்து இறங்குகிறது. மேலறைகளும் இப்படி மீளத்தானே வேண்டும், அந்த அலை எங்கே? க்யூஆர்எஸ் எழும் நேரத்தில் அதற்குள் மறைந்துவிடுகிறது.

பாடநூல்கள் கிளர்ச்சியை "முனைவு நீக்கம்" என்றும் மீட்சியை "மறுமுனைவாக்கம்" என்றும் எழுதுகின்றன. பிழையில்லை, ஆனால் வாயில் நுழைய நேரமாகிறது. பேச்சுக்குக் கிளர்ச்சி, மீட்சி போதும் என்பது என் கட்சி.

ஒரு தாளை வாசித்துப் பார்ப்போம். வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. நம் தாளில் ஒரு ஆர் முனையிலிருந்து அடுத்ததுவரை நான்கு பெரிய கட்டங்கள். ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டங்கள் ஓடும், அந்த 300-ஐ நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 75 முறை. பி தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம்வரை நான்கு சிறு கட்டங்கள், அதாவது 0.16 நொடி. 0.12 முதல் 0.20 வரை இயல்பு என்பதால் கணு ஒழுங்காகக் கடத்துகிறது. க்யூஆர்எஸ் அகலம் இரண்டு சிறு கட்டங்கள், 0.08 நொடி. மூன்று கட்டத்துக்குக் குறைவு என்பதால் கீழறைக்குள் பாதையும் சரி. ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒரு பி இருக்கிறது, இடைவெளியும் மாறவில்லை.

இத்தனையும் ஒரு விஷயத்தை நம்பி நிற்கின்றன. தாளின் ஓரத்தில் `25 mm/s 10 mm/mV` என்று அச்சாகியிருக்கும். முதலாவது தாள் ஓடும் வேகம், இரண்டாவது உயரத்தின் அளவு. யாராவது வேகத்தை 50-க்கு மாற்றி வைத்திருந்தால் அதே இதயத்தின் கோடு இரண்டு மடங்கு நீளும். நான்கு பெரிய கட்டம் எட்டாகும், 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5 வரும். க்யூஆர்எஸ்ஸும் நான்கு சிறு கட்டமாகி, பாதையில் அடைப்பு என்று சொல்லத் தோன்றும். அடையாளம் என்னவென்றால், பி, க்யூஆர்எஸ், டி மூன்றுமே ஒரே விகிதத்தில் அகன்றிருக்கும். உண்மையிலேயே இதயம் மெதுவாக ஓடினால் நீளுவது பெரும்பாலும் டிக்கும் அடுத்த பிக்கும் நடுவிலுள்ள வெற்றுக்கோடுதான்.