எழுத்துரு கையில் இல்லாத பிடிஎஃப்பில் ஓர் எழுத்தை மாற்றுவது

கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று, 48 பக்கம். மறுநாள் காலை பிளேட் போட வேண்டும். இரவு ஏழு மணிக்குக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, தலைவர் பேரே தப்பா இருக்குப்பா” என்று பக்கத்தைக் காட்டினார். ‘கருணாகரன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கருனாகரன்’ என்று இருந்தது. வாழ்த்துரைப் பக்கத்தின் தலைப்பில் ஒரு முறை, பின் அட்டையில் உள்ள குழுவினர் பட்டியலில் ஒரு முறை.

மலரை வடிவமைத்தவர் வேறு ஊர்க்காரர். அவருடைய கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டதால் பேஜ்மேக்கர் கோப்பு கிடைக்காது. எங்களிடம் இருந்தது பிடிஎஃப் மட்டும். டிடிபி வேலையில் இருக்கும் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் இந்த நிலைமை வரும். அவசரத்தில் எடிட் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை இந்த மலரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அக்ரோபேட் ரீடரில் `Ctrl+D` அழுத்தி `Fonts` என்ற பக்கத்தைப் பாருங்கள். அந்த மலரில் தலைப்பு எழுத்துக்கு பாமினி என்ற பெயரும், அதன் அருகே `Embedded Subset` என்றும் இருந்தது. பாப்ளர் கருவிகள் உள்ள கணினியில் `pdffonts malar.pdf` என்று கொடுத்தால் அதே விவரம் இன்னும் தெளிவாகக் கிடைக்கும். எழுத்துருவின் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் நிற்கும். எங்கள் கோப்பில் இப்படி இருந்தது:

```
KLPQRS+Bamini   TrueType   WinAnsi   yes yes no
TWXMAD+Bamini   TrueType   WinAnsi   yes yes no
```

இரண்டு `yes`களில் முதலாவது, எழுத்துரு கோப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அது முழு எழுத்துரு இல்லை என்பதைச் சொல்கிறது. பிடிஎஃப் உருவாகும்போது எந்தெந்த எழுத்துகள் பயன்பட்டனவோ அவற்றின் வடிவங்கள் மட்டும் உள்ளே போகும், மற்றவை வெட்டப்பட்டுவிடும். ஒரு தலைப்பு எழுத்துருவில் ‘ண’ எங்கேயும் வரவில்லை என்றால், அந்தக் கோப்புக்குள் ‘ண’ என்ற வடிவமே கிடையாது. திரையில் எல்லா எழுத்தும் அழகாகத் தெரிவதால், எழுத்துரு முழுவதும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி யூனிகோடு எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. கோப்புக்குள் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்றுதான் கிடக்கும். நம் கணினியில் பாமினி இல்லாமல் எடிட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால், மென்பொருள் தன் கைவசம் உள்ள ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். ‘ன’வை அழித்து `z` தட்டினால், தமிழுக்கு நடுவே ஓர் ஆங்கில `z` வந்து உட்காரும். அது பரவாயில்லை, கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் போவதுதான் ஆபத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆண்டு மலரில் இதைப் பட்டிருக்கிறேன். என் கணினியில் பாமினி இருந்தது. ஓர் எழுத்தை மாற்றினேன், சரியாகத் தெரிந்தது, சேமித்து அனுப்பிவிட்டேன். நான் புதிதாகச் சேர்த்த எழுத்துக்கான எழுத்துரு கோப்புக்குள் வைக்கப்படவில்லை. என் கணினியில் இருந்த பாமினியை வைத்துத்தான் திரை அதைக் காட்டியிருக்கிறது. அச்சகத்துக் கணினியில் பாமினி இல்லை. பிளேட்டில் ஒரு பெயரின் நடுவே ஆங்கில எழுத்து விழுந்தது. பிளேட் ஓட்டுநர் பார்த்துச் சொன்னதால் ஒரு பிளேட் நஷ்டத்தோடு தப்பித்தோம். அன்றிலிருந்து திருத்திய கோப்பை `pdffonts` போட்டுப் பார்க்காமல் நான் வெளியே விடுவதில்லை. முதல் `yes` நிற்கும் `emb` என்ற பத்தியில் ஒரே ஒரு `no` இருந்தாலும் கோப்பு போகாது.

சரி, மலருக்கு வருவோம். நமக்கு வேண்டியது ஒரு ‘ண’. அது கோப்புக்குள் இருக்கிறதா என்று தேட எந்த மென்பொருளும் வேண்டாம், கண் போதும். அதே எழுத்துருவில் உள்ள மற்ற தலைப்புகளைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘திருப்பணிக் குழு’ என்று இருந்தது. பாமினியில் ‘ணி’ என்பது ‘ண’வும் கொக்கியும் சேர்ந்தது, ‘ண’ தனி வடிவம். ஆக, உள்பக்கங்களின் எழுத்துருவில் ‘ண’ இருக்கிறது. அளவு வேறாக இருந்தாலும் கவலையில்லை. கோட்டு வடிவம்தானே, எந்த அளவுக்கும் நீளும், சுருங்கும்.

எந்தப் பிழை எளிது, எது கடினம் என்பதும் இதிலிருந்தே பிடிபடும். பாமினியில் புள்ளி தனி, துணைக்கால் தனி. ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் அநேகமாக எப்போதும் திருத்திவிடலாம். புள்ளி இல்லாத தமிழ்த் தலைப்புகள் எத்தனை இருக்கும்? ஆனால் ‘கு’, ‘ரு’, ‘மு’, ‘டி’ போன்றவை ஒவ்வொன்றும் தனி வடிவம். கோப்பில் ‘க’ ஐம்பது முறை வந்திருந்தாலும் ‘கு’ ஒரு முறையாவது வந்திருந்தால்தான் அது உள்ளே இருக்கும்.

‘ண’ உள்ளே இருப்பது தெரிந்ததும், கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு, பக்கங்களின் சுருக்கத்தை நீக்கிப் படிக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தேன்:

```
qpdf --qdf --object-streams=disable malar.pdf edit.pdf
```

இதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கலாம். பைட்டுகளை மாற்றாமல் சேமிக்கும் எடிட்டராக இருப்பது அவசியம். பாமினியில் ‘கருனாகரன்’ என்பது `fUdhfud;`. அதைத் தேடினால் இந்த வரிகள் கிடைத்தன:

```
/TT1 1 Tf
24 0 0 24 182.4 640.8 Tm
(fUdhfud;) Tj
```

முதல் `d`யை `z` ஆக்கினேன். `fUzhfud;` என்றால் ‘கருணாகரன்’. கடைசியில் உள்ள `d` ‘ன்’னுக்கு உரியது, அதைத் தொடக்கூடாது. பிறகு கோப்பின் உள்கணக்குகளைச் சரிசெய்ய:

```
fix-qdf edit.pdf > sari.pdf
```

எல்லாக் கோப்பும் இவ்வளவு சுலபமாகத் திறந்து காட்டாது. சில மென்பொருள்கள் சொல்லை இரண்டு எழுத்துக்கு ஒருமுறை உடைத்து, நடுவே இடைவெளி எண்களைப் போட்டு எழுதும். அப்போது முழுச் சொல்லாகத் தேடினால் கிடைக்காது. `pdffonts` காட்டும் வரியில் `WinAnsi` என்பதற்குப் பதில் `Identity-H` இருந்தால், உள்ளே எழுத்துகளே இருக்காது, வடிவங்களின் வரிசை எண்கள்தான் இருக்கும். யூனிகோடு எழுத்துருவில் செய்த தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அங்கே ‘ண’ வரும் வேறொரு சொல்லைத் தேடிப் பிடித்து, அதன் எண் என்னவென்று பார்த்து எடுத்து இங்கே போட வேண்டும்.

‘ண’ ‘ன’வை விட அகலம். சொல் ஒரே துண்டாக இருந்ததால் ‘கரன்’ தானாகவே வலப்பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தது. ஆனால் அது நடுவில் வைத்த தலைப்பு. இப்போது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. எழுத்துகளின் அகலம் கோப்பில் `Widths` என்ற பட்டியலில் ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 160 என்றால், 24 புள்ளி அளவில் 3.84 புள்ளி கூடும். அதில் பாதி, 1.92 புள்ளி இடப்பக்கம் தள்ள வேண்டும். மேலே உள்ள 182.4 என்ற எண்தான் இடவல நிலை. அதில் கழித்துக்கொண்டால் போதும். சொல் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் தனி இடத்தோடு எழுதப்பட்டிருந்தால் ‘ண’ அடுத்த எழுத்தின் மேல் ஏறும். அதை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பின் அட்டையில் இதே வேலையைச் செய்தபோது பெயரின் நடுவே ஒரு வெற்று இடம் வந்தது. அட்டையும் பாமினிதான். ஆனால் மேலே காட்டிய இரண்டு வரிகளைத் திரும்பப் பாருங்கள், முன்னொட்டு வேறு. அட்டை தனிக் கோப்பாகச் செய்து பின்னால் சேர்க்கப்பட்டது. அதனால் அதற்கென்று தனியாக வெட்டிய எழுத்துரு. அட்டையில் இருந்த பன்னிரண்டு பெயர்களில் ஒன்றில்கூட ‘ண’ இல்லை.

இணையத்தில் பாமினியை இறக்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று உதவிக்கு வந்த தம்பி கேட்டார். செய்யலாம், ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒரே பெயரில் பல பதிப்புகளாகச் சுற்றுகின்றன. ஒன்றில் தடிமன் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் சுழி மாறும். இறக்கிய எழுத்துருவில் அதே சொல்லை அதே அளவில் அடித்து, பழையதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அகலம் ஒட்டிப்போகவில்லை என்றால் அது வேறு பதிப்பு. எங்களுக்குக் கிடைத்தது ஒட்டவில்லை.

அதனால் உள்பக்கத்தையே பயன்படுத்திக்கொண்டோம். திருத்திய வாழ்த்துரைப் பக்கத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் படமாக வைத்து, பெயர் மட்டும் தெரியும்படி வெட்டி, 24 புள்ளியை 16 ஆக்க 66.67 சதவீதத்துக்குச் சுருக்கி, அட்டையில் வைத்தோம். பிடிஎஃப்பாகவே வைப்பதால் எழுத்துரு கூடவே வரும், கறுப்பும் வெறும் கறுப்பாகவே இருக்கும். இங்க்ஸ்கேப்பில் திறந்து எழுத்தை வடிவமாக்கி எடுப்பது இதைவிட எளிது. ஆனால் அங்கிருந்து வரும் கோப்பு ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும். அச்சில் கறுப்பு நான்கு நிறங்களாகப் பிரிந்து, சின்ன எழுத்தின் விளிம்பு மங்கலாம். அச்சுக்குப் போகும் கோப்பில் நான் அதைச் செய்வதில்லை.

பழைய பெயரை அழித்துவிட்டுத்தான் புதியதை வைத்தேன். மேலே மஞ்சள் பட்டை போட்டு மறைத்துவிடலாம் என்று தோன்றும். மறைத்தால் பிழையான பெயர் அடியில் அப்படியே இருக்கும். நகலெடுத்தாலும் தேடினாலும் வெளியே வரும்.

இந்த வழியும் இல்லாதபோது, நான் ஓர் எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டவைக்க மாட்டேன். பட்டியல் முழுவதையும் புது எழுத்துருவில் அடித்துவிடுவேன். பன்னிரண்டு பெயர் அடிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு பெயரின் நடுவில் ஒட்டுப்போட்ட எழுத்து, அந்தப் பெயருக்கு உரியவர் கண்ணில் ஆயுசுக்கும் உறுத்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான்றிதழ், பத்திரம், ரசீது போன்றவற்றில் இப்படித் திருத்தித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் செய்து தருவதில்லை, வெறும் எழுத்துப்பிழையாக இருந்தாலும். வழங்கிய அலுவலகம்தான் திருத்த வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கையொப்பச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரவு பத்தரைக்கு எல்லாம் முடிந்தது. `pdffonts` போட்டேன், எல்லாம் `yes`. பிறகு கோப்பைப் பெரியவரின் கைப்பேசிக்கு அனுப்பினேன். தமிழ் எழுத்துரு எதையும் யாரும் நிறுவாத கருவி அது, அதைவிட நல்ல சோதனை கிடையாது. அவர் இரண்டு இடத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். அச்சடித்த நகலில் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.