180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட், துவைத்த பிறகு எத்தனை ஜிஎஸ்எம்?

ஆன்லைனில் டி-ஷர்ட் விற்பவர்கள் இப்போது விலைக்குப் பக்கத்திலேயே 180 ஜிஎஸ்எம், 240 ஜிஎஸ்எம் என்று பெரிதாகப் போடுகிறார்கள். நான் திருப்பூரில் துணித் தரம் பார்க்கும் வேலையில் இருப்பதால், தெரிந்தவர்கள் பலரும் "எத்தனை ஜிஎஸ்எம் வாங்கினால் நல்லது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த எண் எப்போது எடுத்தது என்று பார்க்க வேண்டும். துவைப்பதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? சட்டை ஆறு மாதம் உழைக்குமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ஒரு சதுர மீட்டரை யாரும் வெட்டி எடை போடுவதில்லை. வட்ட கட்டர் ஒன்று இருக்கிறது, 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டும். அந்த வட்டத்தைச் சின்னத் தராசில் வைத்தால் 1.80 கிராம் காட்டும். நூறால் பெருக்கினால் 180. ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நாலைந்து இடத்தில் வெட்டி, சராசரி எடுப்போம். துணி மடிப்பு பிரிந்து சில மணி நேரமாவது தளர்ந்து கிடக்க வேண்டும். டிரையரில் இருந்து சூடாக வந்த துணியை அப்படியே வெட்டினால் எண் குறைவாக வரும். பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 8.5 சதவீதம் வரை ஈரம் வாங்கிக்கொள்ளும். அந்த ஈரம் வந்து சேரட்டும் என்றுதான் காத்திருப்பது.

சரி, இந்த எண் எங்கிருந்து வருகிறது? முதலில் நூல். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லியது. டி-ஷர்ட்டுக்கான சாதாரண ஒற்றைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் 40 கவுண்ட் நூல் என்றால் 120-ஐ ஒட்டி வரும். 30 கவுண்ட் 140-லிருந்து 160. 24 கவுண்ட் 180 பக்கம். 20 கவுண்ட் 200 பக்கம். அடுத்தது லூப் லென்த், அதாவது நிட்டிங் மெஷினில் ஒரு கண்ணிக்கு எவ்வளவு நூல் விடுகிறோம் என்பது. கண்ணி சின்னதானால் துணி இறுக்கமாகும், எடை கூடும். கண்ணி பெரிதானால் துணி தளரும், எடை குறையும். மூன்றாவது, சாயம் போட்ட பிறகு ஃபினிஷிங்கில் துணியை எவ்வளவு அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கிறோம் என்பது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாதது இந்த மூன்றாவதுதான், அதிகம் சிக்கல் வருவதும் இதில்தான்.

பனியன் துணியைக் கிலோவில் வாங்குகிறோம், பரப்பளவில் வெட்டுகிறோம். துவைத்து முழுதாகச் சுருங்கினால் 200 ஜிஎஸ்எம்மில் நிற்க வேண்டிய துணியை அகலவாக்கில் பிடித்து உலர்த்தும் ஸ்டென்டர் மெஷினில் இழுத்து 180-இல் நிறுத்தினால், ஒரு கிலோவில் 5 சதுர மீட்டருக்குப் பதில் 5.5 சதுர மீட்டர் கிடைக்கும். 500 கிலோவுக்கு 277 சதுர மீட்டர் கூடுதல். வெட்டு வேஸ்ட்டோடு சட்டைக்கு 1.1 சதுர மீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய 250 சட்டை அதிகம். நூல் செலவு ஒரு பைசா கூடவில்லை. கடைக்கு வரும்போது கட்டரில் வெட்டிப் பார்த்தாலும் 180 சரியாகத்தான் காட்டும், லேபிளில் பொய் இல்லை. ஆனால் இழுத்த துணி தண்ணீர் பட்டதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

கணக்காகப் பார்ப்போம். எல் சைஸ் சட்டை, விரித்துப் போட்டால் மார்பு அகலம் 54 செ.மீ., உயரம் 72 செ.மீ. மூன்று நாலு துவைப்புக்குப் பிறகு உயரத்தில் 6 சதவீதம், அகலத்தில் 4 சதவீதம் சுருங்குகிறது என்று வையுங்கள். உயரம் 67.7 செ.மீ., மார்பு 51.8 செ.மீ. ஆகிவிடும். துணியின் பரப்பு பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, எடை போகவில்லை. ஆகவே 180 இப்போது 199. "துவைக்கத் துவைக்கத் துணி நல்லா கெட்டியாகுது" என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். கெட்டியானது உண்மைதான், ஆனால் சட்டை இடுப்புக்கு மேலே ஏறிவிட்டிருக்கும். நான் வாங்குபவராக இருந்தால், துவைத்த பின் 180 நிற்கும் சட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பேன். ஃபினிஷிங்கில் துணியை இழுக்காமல், காம்பாக்டிங்கில் நீளவாக்கில் ஒடுக்கி முன்கூட்டியே சுருக்கினால்தான் அப்படி நிற்கும்.

தளர்ந்த கண்ணியின் இன்னொரு அடையாளம் முறுக்கு. துவைத்த சட்டையைத் தரையில் விரித்துப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் அது தையல்காரர் தவறில்லை. நூலில் இருக்கும் முறுக்கு, கண்ணியில் இடம் கிடைத்ததும் துணியையே திருப்பிவிடுகிறது. ஒரே 180 ஜிஎஸ்எம்மை 24 கவுண்ட் நூலில் இறுக்கமாகவும் செய்யலாம், 20 கவுண்ட் நூலில் தளர்வாகவும் செய்யலாம். கட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதன் தையல் நேராக நிற்கும், இரண்டாவது திரும்பும்.

இனி உடுத்துவதைப் பற்றி. 140 பக்கம் உள்ள துணி சென்னை வெயிலுக்குச் சுகம், அரை நாளில் காய்ந்துவிடும். ஆனால் வெள்ளையில் உள்ளே போட்ட பனியன் தெரியும், நெஞ்சில் கனமான ரப்பர் பிரிண்ட் அடித்தால் சுற்றிலும் துணி சுருங்கி நிற்கும். முன்பக்கக் கீழோரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுவதும் மெல்லிய துணியில்தான் அதிகம். பூச்சி அரித்தது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் சமையல் மேடை விளிம்பில் உரசிய வேலை அது.

220-க்கு மேல் போனால் துணி உடம்பில் ஒட்டாமல் விறைப்பாக விழும், பிரிண்ட் அழகாக நிற்கும். ஓவர்சைஸ் சட்டைகளுக்கு அதனால்தான் இதை எடுக்கிறார்கள். கனமான துணி வியர்வையை நிறையக் குடிக்கும், ஆனால் லேசில் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் உலர்த்தினால் ஒரு நாளில் காயாமல் புளித்த வாடை வந்துவிடும். ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் தண்ணீரின் கனத்திலேயே நீளும், தோளில் மேடு விழும். கொடியில் இடுப்போடு மடித்துப் போடுங்கள். தினமும் போட்டு, துவைத்து, மறுபடியும் போட வேண்டிய சட்டைக்கு நம் ஊரில் 160-லிருந்து 180 போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் எடுப்பது தோற்றத்துக்காகத்தான்.

வாங்கிய சட்டையை வெட்டாமலே ஓரளவு சோதிக்கலாம். தரையில் விரித்து மார்பு அகலத்தையும் உயரத்தையும் அளந்து பெருக்கி, முன்பின் இரண்டுக்குமாக இரண்டால் பெருக்குங்கள்: 54 × 72 × 2 = 7776. கை 22 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்றால், இரண்டு கைக்கும் இரண்டு மடிப்புக்குமாக 1760. கூட்டினால் 9536 சதுர செ.மீ., அதாவது 0.95 சதுர மீட்டர். கழுத்திலும் தோளிலும் வெட்டிப் போனதை மடிப்பும் காலர் ரிப்பும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். 180 ஜிஎஸ்எம் என்றால் சமையலறைத் தராசில் 170 கிராமை ஒட்டி வர வேண்டும். 140 கிராம்தான் வருகிறதென்றால் உங்கள் கையில் இருப்பது 147 பக்கம். பத்து கிராம் முன்னே பின்னே இருந்தால் பொருட்படுத்தாதீர்கள்.

அந்த அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று முறை துவைத்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். உயரம் இரண்டு செ.மீ.க்குள் குறைந்து, பக்கத் தையலும் நேராக நின்றால், அதே சட்டையை இன்னும் இரண்டு கலரில் தைரியமாக வாங்கலாம்.