தேய்ந்துபோகும் கொஞ்சல்

ஸ்பானிய மொழி பயிலும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: மெக்சிகோக்காரர் வீட்டில் "காஃபெசீத்தோ சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பெரிய குவளை நிறையக் காப்பி கொடுத்தார்களாம். 'சீத்தோ' சிறுமையைக் குறிக்கும் விகுதி என்றுதானே பாடநூல் சொல்கிறது என்பது அவருடைய ஐயம்.

அந்த விகுதி அங்கே காப்பியின் அளவைச் சொல்லவில்லை. கேட்பவரின் குரலில் உள்ள கனிவைச் சொல்கிறது. மெக்சிகோவில் இது அன்றாட மரியாதை. ஸ்பெயினில் இதே வழக்கு சற்றே மிகையாகப் படும்.

எனக்குப் பெரிதும் பிடித்தது, இந்தக் கனிவு தேய்கிற விதம். ரஷ்ய மொழியில் 'ருக்கா' என்றால் கை. அதனுடன் 'கா' விகுதி சேரும்போது வேரின் ககரம் சகரமாக மாறி 'ரூச்கா' ஆகிறது; சின்னக் கை, செல்லக் கை என்று பொருள். ஆனால் அச்சொல் கதவின் கைப்பிடிக்கும் எழுதும் பேனாவுக்கும் பெயராகிவிட்டதால், கடையில் பேனா கேட்பவர் யாரையும் கொஞ்சுவதில்லை. எனவே குழந்தையின் கையைக் கொஞ்ச நினைக்கும் தாய், வேறொரு விகுதியைச் சேர்த்து 'ரூச்சென்கா' என்று சொல்ல முடிகிறது. ஸ்பானியத்திலும் இதுவே நடந்தது. இடைக்காலத்தில் பரவலாக இருந்த 'இயோ' விகுதி, பையைக் குறிக்கும் 'போல்சோ'விலிருந்து சட்டைப் பையைக் குறிக்கும் 'போல்சியோ'வைத் தந்தது. இன்று அதில் கொஞ்சல் ஏதும் இல்லை. அவ்விடத்தை, காஃபெசீத்தோவில் 'சீத்தோ'வாக வரும் 'ஈத்தோ' பிடித்துக்கொண்டது.

ரஷ்யப் பெயர்களில் விகுதியைக் கவனமாகக் கையாள வேண்டும். மரியா என்பவர் நண்பர்களுக்கு மாஷா. அன்பு மிகும்போது மாஷென்கா. வெறும் 'கா' சேர்த்து மாஷ்கா என்றால், உடன் வளர்ந்தவர் வாயில் அது உரிமை, மேலதிகாரி வாயில் இழிவு. ஒரு காலத்தில் ஜார் மன்னருக்கு மனு எழுதியோர், பிரபுக்கள் உட்பட, தம்மைத் தாழ்த்திக்கொள்ள 'இவாஷ்கா' போன்ற இத்தகைய வடிவங்களிலேயே கையெழுத்திட்டனர். 1701-ஆம் ஆண்டின் இறுதியில் முதலாம் பீட்டர் அதைத் தடைசெய்து, முழுப் பெயரை எழுத ஆணையிட்டார்.

சிறுபிள்ளைத்தனமாக ஒலிப்பது எப்போது? இன்னும் தேயாத விகுதி, அந்த உறவு இல்லாதவரை நோக்கி வரும்போது. இரத்தப் பரிசோதனைக்கு வந்த ஐம்பது வயதுக்காரரிடம் ரஷ்யச் செவிலியர் விரலை 'பாலெத்ஸ்' என்னாமல் 'பால்ச்சிக்' என்று கேட்டால், வலிக்காது என்று தேற்றுவதாகச் சிலர் மகிழ்வார்கள். தம்மைக் குழந்தையாக்குவதாகப் பலர் முகம் சுளிப்பார்கள். அயல்மொழியாளருக்கு நான் சொல்வது இதுதான்: ரூச்காவைப் போல அகராதியில் தனிப் பொருள் பெற்றுவிட்ட சொல்லை எவரிடமும் தயங்காமல் சொல்லலாம், ரூச்சென்காவைக் கையைப் பற்றிக்கொள்ளும் உரிமை உள்ளவரிடம் மட்டுமே சொல்லலாம்.