மேற்படிப்புக்குப் போகும் நர்ஸ் எழுத வேண்டிய ராஜினாமா கடிதம்

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டென்டாக இருக்கிறேன். எம்.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கை நேரம் வந்தால் என் மேஜைக்கு ராஜினாமா கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். நன்றி பக்கம் பக்கமாக இருக்கும், கடைசி வேலை நாள் எது என்பது மட்டும் இருக்காது. "விரைவில் விடுவிக்கவும்" என்றால் எந்தத் தேதியை வைத்து நான் டியூட்டி ரோஸ்டர் போடுவது?

கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் ஐசியு சிஸ்டர், ஜூலை 1 அன்று இன்சார்ஜ் வழியாகக் கொடுத்த கடிதம் இது:

"மதிப்பிற்குரிய மேடம், எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்க எனக்கு இடம் கிடைத்துள்ளதால், ஸ்டாஃப் நர்ஸ் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணைப்படி 30 நாள் நோட்டீஸ் தருகிறேன். ஜூலை 31 என் கடைசி வேலை நாள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தாலே பதறிய என்னை, 'முதலில் நோயாளியைப் பார், அப்புறம் மெஷினைப் பார்' என்று பழக்கியது இந்த ஐசியுதான். உங்களுக்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் மனமார்ந்த நன்றி. என் பொறுப்பிலுள்ள கிராஷ் கார்ட்டையும் மருந்துப் பதிவேட்டையும் சரிபார்த்து ஒப்படைத்துவிடுகிறேன். ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, என் அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தந்து உதவ வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். அந்த அலாரம் வரியைப் படித்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் சிரித்துவிட்டார். அது அவர் தினமும் சொல்வது. "அனைவருக்கும் நன்றி" என்று பத்து வரி எழுதினாலும் இந்த ஒரு வரி தரும் நெருக்கம் வராது.

தேதிக் கணக்குக்கு வருவோம். எங்களிடம் கடிதம் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்துதான் நோட்டீஸ் எண்ணப்படும். ஜூலை 2 முதல் 30 நாள் என்றால் ஜூலை 31. கல்லூரியில் ஆகஸ்ட் 5 சேர வேண்டும். நடுவில் நான்கு நாள் கிடைத்தது. இதே கடிதத்தை ஜூலை 10 அன்று கொடுத்திருந்தால் ஆகஸ்ட் 9 ஆகியிருக்கும். அப்போது மீதி நாட்களுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு அல்லது தயவு கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவையும் பல இடங்களில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் நியமன ஆணையை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

அனுபவச் சான்றைக் கடிதத்திலேயே கேட்பதற்குக் காரணம் உண்டு. எம்.எஸ்ஸி. சேர குறைந்தது ஓராண்டு பணி அனுபவம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. "இங்கே பணிபுரிந்தார்" என்று மட்டும் இருக்கும் சான்று அதற்குப் போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வார்டு எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நைட் டியூட்டி அதிகம், சம்பளம் குறைவு போன்ற மனக்குறைகளை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அவற்றை நேரில் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். கடிதம் உங்கள் ஃபைலில் தங்கிவிடும்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் பெற்ற தேதியும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.